முந்தைய பக்கத்தின் நிழல்

கிண்டிலில் ஒரு சொல்லை அழுத்தி அகராதியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுங்கள். அந்தப் பெட்டி இருந்த இடத்தில் மெல்லிய சாம்பல் கோடு ஒன்று தங்கியிருக்கலாம். சில நேரம் முந்தைய பக்கத்தின் வரிகளே இந்தப் பக்கத்தின் வரிகளுக்கு நடுவில் லேசாகத் தெரியும். இதைக் ‘கோஸ்டிங்’ என்கிறார்கள். திரை பழுதாகிவிட்டதென்று பயந்து கடைக்கு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது பழுதே அல்ல. திரை இயங்கும் விதத்திலேயே அதற்குக் காரணம் இருக்கிறது.

மின்மைத் திரைக்குள் தலைமுடியின் தடிமன் அளவே உள்ள எண்ணற்ற நுண்குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தெளிந்த திரவமும், அதில் மிதக்கும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் உண்டு. இரண்டு நிறத்துக்கும் எதிரெதிர் மின்னூட்டம். கீழிருந்து மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். அதன்பின் மின்சாரம் இல்லாமலே துகள்கள் அங்கேயே நிற்கும். பேட்டரி வாரக்கணக்கில் தாங்குவது இதனால்தான். நிழல் தங்குவதற்கும் இதுவே காரணம். திரவத்தில் நகரும் துகள்கள் ஒவ்வொரு முறையும் மிகச் சரியாக ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. கறுப்பாக இருந்த புள்ளியை வெள்ளையாக்கும்போது சில துகள்கள் பின்தங்கிவிடுகின்றன. அந்த மிச்சம்தான் நம் கண்ணுக்கு நிழலாகத் தெரிகிறது.

இதைத் துடைக்க ஒரே வழி, திரை முழுவதையும் ஒருமுறை கறுப்பாக்கி, வெள்ளையாக்கி, பிறகு புதிய பக்கத்தை வரைவது. பக்கம் புரட்டும்போது சட்டென்று கண்முன் வந்துபோகும் கறுப்பு மின்னல் அதுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் அது வந்தால் வாசிப்பின் ஓட்டம் அறுந்துபோகும். வராவிட்டால் நிழல் சேர்ந்துகொண்டே போகும். 2013-இல் வந்த ‘ரீகல்’ என்ற முறை, மின்னல் இல்லாமலே நிழலைப் பெருமளவு குறைத்தது. அதற்குப் பின் வந்த பல கருவிகளில் முழுத் துடைப்பு அடிக்கடி தேவைப்படுவதில்லை.

கிண்டிலில் Settings பகுதிக்குள் Reading Options சென்றால் Page Refresh என்று ஒன்று இருக்கும். அதை இயக்கினால் ஒவ்வொரு பக்கத்துக்கும் முழுத் துடைப்பு நடக்கும். கோபோ கருவிகளில் இன்னும் வசதி: ஒவ்வொரு பக்கத்துக்குமா, ஆறு பக்கத்துக்கு ஒருமுறையா, அத்தியாயம் மாறும்போது மட்டுமா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். வெறும் எழுத்துள்ள நாவலுக்கு அத்தியாயத்துக்கு ஒருமுறை போதும் என்பது என் கருத்து. கிண்டிலில் Page Refresh அணைந்தே இருக்கட்டும். நடுவில் நிழல் உறுத்தினால் மின்பொத்தானை ஒருமுறை தட்டி உறங்கவைத்து மறுபடி எழுப்புங்கள். உறக்கப்படம் வந்துபோகும்போது திரை முழுவதும் துடைக்கப்பட்டுவிடும்.

கதை மாறுவது பழைய நூல்களின் ஸ்கேன் பிரதிகளில். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து ஒரு பழைய நூலின் பி.டி.எஃப். கோப்பை இறக்கி கிண்டிலில் படிப்பதாக வைத்துக்கொள்வோம். பழுத்த தாளின் நிறம் திரையில் சாம்பலாக விழும். சாம்பல் என்றால் துகள்கள் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நடுவில் நிற்க வேண்டும். அந்த நடுநிலையைத் துல்லியமாகப் பிடிப்பதுதான் இந்தத் திரைக்கு மிகக் கடினம். பத்துப் பக்கம் புரட்டுவதற்குள் பக்கம் அழுக்கானதுபோல் ஆகிவிடும். புள்ளியா, முந்தைய பக்கத்தின் மிச்சமா என்று மெய்யெழுத்துகளில் கண் தடுமாறும். இங்கே Page Refresh இயக்கத்தில் இருப்பதே நல்லது. அதோடு, பி.டி.எஃப். திறந்திருக்கும்போது எழுத்து அமைப்புப் பட்டியலில் உள்ள Contrast அளவைக் கூட்டுங்கள். பின்னணிச் சாம்பல் வெளுத்துவிட்டால் நிழலின் பெரும்பகுதி அதோடு போய்விடும். முடிந்தவர்கள் கணினியில் அந்தக் கோப்பைத் தூய கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொண்டு ஏற்றலாம். அதைவிட நல்ல தீர்வு இல்லை.

குளிரிலும் நிழல் கூடும். திரவம் கெட்டிப்பட்டுத் துகள்கள் மெதுவாக நகர்வதே காரணம். கருவிக்குள் வெப்பநிலையை அளந்து மின்துடிப்பை அதற்கேற்ப மாற்றும் ஏற்பாடு உண்டு. ஆனாலும் கடுங்குளிரில் அது முழுதாக ஈடுகட்டாது. கொஞ்சம் சூடேறியதும் சரியாகிவிடும். முழுத் துடைப்புக்குப் பிறகும் அதே இடத்தில் அதே கறை நின்றால் மட்டும் அது திரைக் கோளாறு.

இனி விளக்கு. இந்தக் கருவிகளில் ஒளி செல்பேசியைப்போல் பின்னாலிருந்து கண்ணில் பாய்வதில்லை. விளிம்பில் உள்ள சிறு எல்.இ.டி.கள் திரைமேல் உள்ள மெல்லிய தகட்டுக்குள் ஒளியைச் செலுத்துகின்றன. அது பக்கத்தின்மேல் விழுந்து திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. வெள்ளை எல்.இ.டி.கள் சில, மஞ்சள் எல்.இ.டி.கள் சில. இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதே Warmth. 2016-இல் கோபோ ஆரா ஒன்னிலும், 2019-இல் கிண்டில் ஒயாசிஸிலும், 2021-இல் பேப்பர்ஒயிட்டிலும் இந்த வசதி வந்தது.

பேப்பர்ஒயிட்டில் மேலிருந்து கீழே விரலை இழுத்தால் Brightness, Warmth இரண்டும் தெரியும். இரண்டுமே 24 வரை. இரவானதும் Warmth-ஐ உச்சத்துக்கு ஏற்றிவிடுவதுதான் பலர் செய்வது. பக்கம் காவியாக மாறுகிறது, எழுத்து மங்குவதாகத் தோன்றுகிறது, உடனே Brightness-ஐயும் ஏற்றுகிறார்கள். கடைசியில் மஞ்சள் விளக்கை முகத்துக்கு நேரே பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. முதலில் நிறத்தை அறையோடு பொருத்துங்கள், பிறகு வெளிச்சத்தை. டியூப்லைட் அறையென்றால் Warmth நாலைந்தில் தொடங்கலாம், மஞ்சள் விளக்கென்றால் பத்துப் பன்னிரண்டில். அடுத்து ஓர் அச்சுப் புத்தகத்தை அருகில் திறந்து வையுங்கள். கிண்டில் பக்கம் புத்தகப் பக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் Brightness-ஐக் குறையுங்கள், இருண்டிருந்தால் கூட்டுங்கள். இரண்டும் ஒன்றுபோல் தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். பகலில் சன்னலோரம் விளக்கே வேண்டாம். தகட்டிலிருந்து கொஞ்சம் ஒளி நேராகவும் கண்ணுக்குக் கசிவதால், விளக்கு அணைந்திருக்கும்போதுதான் கறுப்பு ஆழமாகத் தெரியும். முழு இருட்டில் படிப்பதைவிட, தலைமாட்டில் சிறு விளக்கு ஒன்று எரிவது கண்ணுக்கு இதம்.

மஞ்சள் ஒளி கண்ணைக் காக்கும் என்பதில் ஒரு திருத்தம் தேவை. திரைகளின் நீல ஒளி கண்ணைச் சேதப்படுத்துகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றே அமெரிக்கக் கண் மருத்துவர் கழகம் சொல்கிறது. மின்னூல் படித்தால் தூக்கம் கெடும் என்று பரவலாகப் பேசப்பட்ட 2014-ஆம் ஆண்டு ஹார்வர்டு ஆய்வில் பயன்பட்டது ஐபேட், மின்மைக் கருவி அல்ல. Warmth தரும் பலன், இரவில் அறையின் நிறத்தோடு பக்கம் ஒத்துப்போகும் இதம்தான். கண் களைப்புக்குப் பெரிய காரணங்கள் வேறு: வெளிச்சப் பொருத்தமின்மை, சிறிய எழுத்து, படிக்கும்போது இமைக்க மறப்பது. எழுத்தை ஒரு படி பெரிதாக்கி, தடிமனையும் ஒரு படி கூட்டினாலே தமிழின் சுழிகளும் புள்ளிகளும் தெளிவாகிவிடும்.

இத்தனையும் செய்த பிறகும் மாதத்துக்கு மாதம் வெளிச்சத்தையும் எழுத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறதா? வயது நாற்பதைத் தாண்டிவிட்டதா? அப்படியானால் கருவியின் அமைப்பை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். அது வெள்ளெழுத்தாக இருக்கலாம். கண் மருத்துவரிடம் காட்டிக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.