தமிழை இறக்கியும் கேட்காத போன்

சித்தப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். கை நடுக்கம் வந்த பிறகு பேனாவை விட்டுவிட்டு, குடும்பக் கதையைப் போனில் சொல்லிச் சொல்லியே எழுதி வருகிறார். சேலத்து வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஏற்காட்டில் மகள் வீட்டுக்குப் போனால் மட்டும் சிக்கல். சிக்னல் வந்து வந்து போகும் இடம் அது. அங்கே மைக் படத்தைத் தொட்டால் இணையம் இல்லை என்று அறிவிப்பு வரும், அதோடு நின்றுவிடும். "தமிழ் எல்லாத்தையும் டவுன்லோடு பண்ணிட்டேன்டா, இன்னும் என்னத்தைக் கேக்குது இது?" என்று என்னிடம் போனை நீட்டினார்.

பார்த்தேன். உண்மையிலேயே மூன்று இடத்தில் தமிழை இறக்கி வைத்திருந்தார். மூன்றுமே வேறு வேலைக்கானவை.

முதலாவது, விசைப்பலகைக்கான தமிழ். ஆண்ட்ராய்டு போன்களில் பரவலாக உள்ள Gboard-இல் Languages என்ற பகுதியில் சேர்ப்பது இது. எழுத்துகளையும் சொல் பரிந்துரைகளையும் தரும். இரண்டாவது, மொழிபெயர்ப்புச் செயலியில் Downloaded languages பட்டியலில் இருக்கும் தமிழ். அது ஒரு மொழியின் எழுத்தை இன்னொரு மொழியாக்கும். மூன்றாவது, Text-to-speech பகுதியில் கிடைக்கும் தமிழ்க் குரல். இது எழுத்தைப் படித்துக் காட்டும். அதாவது பேசும், கேட்காது. காது வேண்டிய இடத்துக்குச் சித்தப்பா வாயை வாங்கி வைத்திருந்தார்.

கேட்பதற்கான பொதி தனி. போன் அமைப்புகளின் தேடல் பெட்டியில் voice அல்லது speech என்று தட்டினால் Offline speech recognition அல்லது On-device recognition என்ற பெயரில் அது தென்படும். போனுக்குப் போன் பெயரும் இடமும் மாறும். உள்ளே மொழிகளின் பட்டியல் இருக்கும். அதில் தமிழ் இருந்தால் இறக்கிக்கொள்ளலாம். வைஃபையில் மட்டும் இறக்கு என்ற விருப்பம் அங்கே இருந்தால் அதையும் கவனியுங்கள். மொபைல் டேட்டாவில் இருப்பவருக்கு இறக்கம் தொடங்காமலே காத்துக்கிடக்கும்.

பட்டியலில் தமிழே இல்லையென்றால்? சித்தப்பாவின் போனில் அப்படித்தான் இருந்தது. ஆங்கிலம் இருந்தது, இந்தி இருந்தது, தமிழ் இல்லை. அப்படியானால் வேறு எந்த அமைப்பைத் திருகியும் பயனில்லை. அந்தப் போனில் தமிழ் கேட்கும் வேலை முழுக்கத் தொலைவிலுள்ள சர்வரில்தான் நடக்கிறது. நாம் பேசியது ஒலியாக அங்கே போய், எழுத்தாகத் திரும்பி வருகிறது. சேலத்தில் வேலை செய்ததும் ஏற்காட்டில் நின்றதும் இதனால்தான்.

இந்தப் பாகுபாட்டுக்குக் காரணம் அளவு. கூகுள் நிறுவனம் 2017-இல் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளுக்குக் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது. கேட்கும் அமைப்பு முழுவதையும் போனுக்குள்ளேயே அடக்கும் புதிய முறையை 2019-இல் அதே நிறுவனம் அறிவித்தபோது, 450 எம்பி இருந்த மாதிரியை 80 எம்பிக்குச் சுருக்கியதாகச் சொன்னது. அது முதலில் வந்தது அமெரிக்க ஆங்கிலத்துக்கு மட்டும். ஒவ்வொரு மொழிக்கும் இப்படித் தனியாகப் பழக்கி, தனியாகச் சுருக்க வேண்டும். வரிசையில் எந்த மொழி எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை.

உங்கள் போனின் நிலையை அறிய ஒரு நிமிடம் போதும். ஏரோப்ளேன் மோடைப் போடுங்கள். வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், சில போன்களில் அது தனியாக ஓடிக்கொண்டிருக்கும். பிறகு மைக்கைத் தொட்டு ஒரு வாக்கியம் பேசுங்கள். எழுத்து வந்தால் காது போனுக்குள்ளேயே இருக்கிறது. பயணத்துக்கு முந்தைய நாள் வீட்டிலேயே இதைச் செய்துவிடுவது நல்லது. மலையேறிய பிறகு தெரிந்து ஆவதொன்றுமில்லை.

இனி இணையம் இருந்தும் தப்பாகக் கேட்கும் கதை. சித்தப்பா புது ப்ளூடூத் இயர்போன் வாங்கிய வாரத்திலிருந்து பிழைகள் கூடிவிட்டன. அவர் தன் பல்தான் காரணம் என்று நினைத்தார். போனிலுள்ள ஒலிப்பதிவுச் செயலியில் பத்து விநாடி பேசிப் பதிந்து, பிறகு அவரையே கேட்கச் சொன்னேன். போனின் சொந்த மைக்கில் பதிந்தது தெளிவாக இருந்தது. இயர்போன் வழியாகப் பதிந்தது கிணற்றுக்குள்ளிருந்து பேசியதுபோல் இருந்தது. பாட்டு கேட்கும்போது நன்றாக ஒலிக்கும் அதே இயர்போன், மைக்கும் சேர்ந்து இயங்கும்போது தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு மாறிவிடுகிறது. பழைய வகை இணைப்பில் விநாடிக்கு 8,000 மாதிரிகள்தான் எடுக்கப்படும். அதனால் ஏறத்தாழ 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி அடிபட்டுப்போகும். ச, ஸ போன்ற சீறும் ஒலிகளின் அடையாளம் பெரும்பாலும் அந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது. இயர்போனைக் கழற்றியதும் பாதிப் பிழைகள் போய்விட்டன.

பதிவே மங்கலாக இருந்தால் போனின் கீழ்விளிம்பைப் பாருங்கள். சார்ஜர் செருகும் இடத்தின் பக்கத்தில் ஊசித் துளை ஒன்று இருக்கும். அதை உறை மூடியிருக்கலாம், சட்டைப்பைத் தூசு அடைத்திருக்கலாம். பதிவு தெளிவாக இருந்தும் தட்டச்சு மட்டும் ஓடவில்லையென்றால் கோளாறு அனுமதியில். விசைப்பலகைக்கு மட்டுமல்ல, பின்னால் உண்மையில் கேட்கிற குரல் சேவைச் செயலிக்கும் மைக் அனுமதி வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல், மேலிருந்து இழுக்கும் பலகையில் Mic access என்ற பொத்தானைச் சேர்க்கலாம். அதை அணைத்தால் எல்லாச் செயலிக்கும் வெறும் மௌனம்தான் போகும். மைக் ஓடும்போது திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி தெரிய வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் மிஞ்சுகிற பிழைகள் சில உண்டு. அவற்றை எந்த மைக்கும் தீர்க்காது. சித்தப்பா "கறை" என்று சொல்ல, "கரை" என்று விழுந்தது. தமிழாசிரியருக்குக் கோபம். ஆனால் அவர் வாயிலேயே ரகரமும் றகரமும் ஒன்றுதான். நம்மில் மிகப் பெரும்பாலோருக்கும் அப்படியே. ஒலியில் இல்லாத வேறுபாட்டைக் கருவி எங்கிருந்து எடுக்கும்? அக்கம்பக்கச் சொற்களை வைத்து ஊகிக்கிறது. "கறை" என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்லி நிறுத்தினால் ஊகிக்க ஒன்றுமில்லை. "வேட்டியில் இருந்த கறை போகவில்லை" என்று ஒரே மூச்சில் சொன்னபோது சரியாக விழுந்தது. அறை, அரைக்கும் இதே கதைதான். பனி, பணி, வலி, வழி ஆகியவற்றில் வேறுபாடு ஒலியிலேயே இருக்கிறது, பலர் அதை உச்சரிப்பதில்லை, அவ்வளவுதான்.

பேச்சு வழக்கு இன்னும் கடினம். "வந்துக்கிட்டு இருக்கேன்" என்பதை நாமே நாலு விதமாக எழுதுகிறோம், கருவி எதைத் தேர்ந்தால் சரி? சித்தப்பா எழுத்துத் தமிழில் சொன்னால் பிழை குறைகிறது. ஆனால் பாட்டி பேசியதை எழுத்துத் தமிழில் சொன்னால் பாட்டி போய்விடுவாள் என்று அவர் ஒப்புக்கொள்வதில்லை. அவர் பக்கம்தான் நானும். அந்த வரிகளை மட்டும் பிறகு கையால் திருத்துகிறோம்.

ஏற்காட்டுக்கும் வழி கண்டுபிடித்தாயிற்று. அங்கே ஒலிப்பதிவுச் செயலியில் பேசி வைத்துக்கொள்கிறார். சேலம் வந்ததும் அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு இன்னொரு போனுக்குக் கேட்க வைத்துப் பார்த்தோம், குளறுபடியாக வந்தது. இப்போது காதில் ஒரு வாக்கியம் கேட்பார், நிறுத்துவார், தன் வாயால் மைக்கில் திரும்பச் சொல்வார். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒன்றரை நாள் ஆகிறது. திரும்பச் சொல்லும்போது கதை கொஞ்சம் மாறுகிறது என்று சித்தி சொல்கிறார்.