அரிய எழுத்துக்கு நெடிய குறி

மருதனார்மடம் என்னும் ஊர்ப்பெயரைச் சுழியமும் ஒன்றும் மட்டுமே கொண்டு எழுதி அனுப்ப வேண்டும் எனக் கொள்வோம். பெயரை உயிரும் மெய்யுமாகப் பிரித்தால் பதினான்கு ஒலிகள் வரும். அகரம் 4 முறையும், மகரமெய் 3 முறையும், ரகரமெய் 2 முறையும் பயில்கின்றன. உ, த், ன், ஆ, ட் என்பன ஒவ்வொரு முறையே வருகின்றன. எட்டு ஒலிகளுக்கும் ஒரே நீளமுடைய குறி கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்கம் வேண்டும். ஆக 42 இலக்கம்.

அடிக்கடி வருவதற்குக் குறுங்குறியும் அருகி வருவதற்கு நெடுங்குறியும் கொடுத்தால் சுருங்கும். ஆனால் ஒரு குறி மற்றொன்றின் தொடக்கமாக அமைதல் ஆகாது. அமைந்தால் எங்கே பிரிப்பது என்பது விளங்காது. மோர்சுக் குறியீட்டில் இக்குறையை இடைவெளி நீக்குகிறது.

இடைவெளியின்றி மிகச் சிறந்த குறிகளை அமைக்கும் வழியை 1951இல் டேவிட் ஹஃப்மன் என்னும் மாணவர் கண்டார். அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியர் ராபர்ட் ஃபானோ, இறுதித் தேர்வுக்குப் பதிலாகக் கட்டுரை எழுதலாம் என்றார். ஃபானோ எழுத்துக்களை மேலிருந்து இருகூறாகப் பிரித்து வந்தார். மாணவரோ அடியிலிருந்து தொடங்கினார். கட்டுரை 1952இல் வெளியாயிற்று.

அவர் வழி இது: மிகக் குறைவாக வரும் இரண்டை எடுத்து ஒரு கணுவில் இணைக்க வேண்டும்; கணுவின் எண் அவ்விரண்டின் கூட்டுத்தொகை. பின்னர் அக்கணுவையும் ஓர் எழுத்தாகவே கருதி, மீண்டும் மிகச் சிறிய இரண்டை இணைக்க வேண்டும்.

நம் பெயரில் உ, த் இணைந்து 2. ன், ஆ இணைந்து 2. ட், ர் இணைந்து 3. அவ்விரு இரண்டுகளும் சேர்ந்து 4. மகரமெய்யின் 3உம் ட், ர் கணுவின் 3உம் சேர்ந்து 6. அகரத்தின் 4உம் மற்றைய 4உம் சேர்ந்து 8. இறுதியில் 8உம் 6உம் சேர்ந்து 14. அதுவே மரத்தின் வேர். இடக்கிளைக்கு 0, வலக்கிளைக்கு 1 என இட்டு, வேரிலிருந்து ஒவ்வோர் ஒலிவரை படித்தால் குறி கிடைக்கும்: அ 00, ம் 10, ட் 110, ர் 111, உ 0100, த் 0101, ன் 0110, ஆ 0111. மொத்தம் 39 இலக்கம்.

இது ஏன் சரி? எந்தச் சிறந்த மரத்திலும் மிக ஆழத்தில் இரு இலைகள் ஒரே கணுவிற் கிளைத்திருக்கும். மிக அரிய இரண்டும் வேறிடத்தில் இருந்தால் அவற்றை அங்கே மாற்றி வைக்கலாம், நீளம் கூடாது. ஆகையால் முதலிணைப்பு பிழையாவதில்லை. பின்வரும் இணைப்புக்களுக்கும் இதுவே நியாயம்.

சிக்கனம் மூன்றே இலக்கம்தான். ஒலிகள் பெரும்பாலும் சமமாக வருவதே காரணம். ஏற்றத்தாழ்வு மிகுந்தால் ஆதாயமும் மிகும். குறிப்பட்டியலையும் பெறுபவருக்குக் கொடுத்தாக வேண்டும்.

ஒரு தீங்கும் உண்டு. 'மடம்' என்பது 10001100010. ஐந்தாம் இலக்கம் வழியில் 0 ஆக மாறினால் ம், அ, உ என வாசித்து, இறுதியில் 010 என்னும் குறைக்குறி எஞ்சும். எச்சம் நின்றால் பிழை புகுந்தது எனத் தெளியலாம். எனினும் முதல் இலக்கம் மாறினால் 'ம்' இருந்த இடத்தில் 'அ' வரும். எச்சம் எதுவும் நில்லாது. அப்பிழையைக் குறியீடு தானாகக் காட்டாது.