இரண்டு பண், ஒரே இராகம்

தேவாரம் நன்கு பயின்ற ஓதுவார் ஒருவரிடம் தக்கராகப் பதிகம் ஒன்றைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். பிறகு தக்கேசியில் அமைந்த ஒன்றையும் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டையும் காம்போதியில்தான் பாடுவார். கேட்க இனிமையாகவே இருக்கும். ஆனால் ஒரே இராகம்தான் என்றால் முன்னோர் அதற்கு இரண்டு பெயர் வைத்திருக்க மாட்டார்கள்.

சம்பந்தரின் முதல் திருமுறை பண் வரிசையில் அடுக்கப்பட்டது. அதில் 23 முதல் 46 வரையுள்ள பதிகங்கள் தக்கராகம். 63 முதல் 74 வரை தக்கேசி. இடையில் பழந்தக்கராகம் தனியே நிற்கிறது. பண்களுக்குப் பொழுது வகுத்த மரபு தக்கேசியைப் பகலிலும் தக்கராகத்தை இரவிலும் வைக்கிறது. தொகுத்தவர்களின் காதில் இவை வேறு வேறாக ஒலித்திருக்கின்றன. காந்தாரம், கொல்லி ஆகிய இரண்டும் இன்று நவரோசில் சேர்ந்துவிட்டன; நட்டராகமும் சாதாரியும் பந்துவராளியில். இப்படிப் பெயர்கள் பலவாகவும் இராகம் ஒன்றாகவும் இருக்கும் இடங்களில்தான் பழைய இசை நழுவியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள்.

நழுவியதற்குக் காரணம் ஏட்டிலேயே தெரிகிறது. ஏட்டில் பாட்டும் பண்ணின் பெயரும் இருந்தன, சுரக்குறிப்பு இல்லை. ஆசிரியர் ஒரு வரி பாட, மாணவர் திருப்பிச் சொல்ல, இசை தொண்டையிலிருந்து தொண்டைக்குப் போனது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட இராசராசன் 48 பேரையும், உடன் உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் நியமித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. அப்படிப்பட்ட சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சொல் ஏட்டில் தங்கும், மெட்டு போய்விடும். பதிகங்கள் மீட்கப்பட்டபோதே பண் தெரியாமல் போயிருந்தது என்றும், எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் பண் வகுத்துக் கொடுத்தார் என்றும் திருமுறைகண்ட புராணமே சொல்கிறது.

அப்படியானால் பழைய தக்கராகத்தை எங்கே தேடுவது? முதல் வழி, பெயரைப் பிடித்துப் போவது. வடமொழி இசை நூல்களில் 'டக்கம்' என்றொரு இராகம் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம், அது சட்சத்தில் தொடங்கிச் சட்சத்திலேயே முடியும், பஞ்சமம் குறைவாக ஒலிக்கும், காகலி நிஷாதம் வரும் என்கிறது. இதை இன்றைய காம்போதியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காம்போதியில் பஞ்சமம் ஊன்றி நிற்கும் சுரம். நிஷாதம் கைசிகி, காகலி எப்போதாவது ஒரு பிடியில்தான் எட்டிப் பார்க்கும். தக்கராகமும் டக்கமும் ஒன்றே என்றால், நாம் இன்று கேட்பது பழைய தக்கராகம் அல்ல.

அந்த 'என்றால்' பெரியது. சாரங்கதேவர் சம்பந்தருக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் பிந்தியவர். பெயர் அப்படியே இருக்க மெட்டு மாறிவிடலாம் என்பதற்கு நம் ஓதுவார் மரபே சாட்சி. அதனால் காலத்தில் நெருங்கிய சான்றைத் தேடுகிறார்கள். புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலைக் கல்வெட்டு ஏறக்குறைய 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏழு இராகங்களுக்குரிய சுரங்களை நான்கு நான்காகக் கோத்து எழுதியிருக்கிறது. அதில் சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் என்ற பெயர்கள் உண்டு. தேவாரத்தில் சாதாரி, பஞ்சமம், கௌசிகம். எந்தச் சுரம் அடிக்கடி வருகிறது, எதில் போய் முடிகிறது என்று அந்தக் கோவைகளை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அந்த ஏழில் டக்கம் இல்லை. இந்த வழி தக்கராகத்துக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது.

மற்றொரு வழி பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே பண்ணுக்குள் யாப்பு ஒத்த பதிகங்களைக் 'கட்டளை' என்று பிரித்திருக்கிறார்கள். எந்த அசை குறில், எந்த அசை நெடில், சீர் எங்கே முறிகிறது என்பதெல்லாம் சொல்லோடு சேர்ந்தே வந்திருப்பதால் தாளநடையைப் பெரும்பாலும் நம்பிக்கையோடு மீட்டுவிடலாம். மெட்டைப் பற்றி அந்த உறுதி கிடையாது. இன்று ஓதுவார்கள் தாளமின்றி விருத்தமாகப் பாடும் பதிகம் கட்டளைக்குரியது என்றால், அங்கே நடை மாறியிருப்பது கேட்டவுடன் தெரியும்.

1947இல் வெளிவந்த விபுலானந்த அடிகளின் யாழ் நூல் இன்னொரு கோணத்தில் போனது. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் சொல்லும் நரம்பு அளவுகளைக் கொண்டு பண்களின் சுர அமைப்பைக் கணக்கிட்டது. தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் நடத்திய பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் ஓதுவார்கள் பாடிக் காட்ட, அறிஞர்கள் ஏட்டோடும் நூலோடும் ஒப்பிட்டு விவாதித்தார்கள். கணக்கு ஒரு பண்ணில் எந்தெந்தச் சுரம் என்று சொல்லும். ஆனால் எந்தச் சுரத்தை அசைப்பது, எதில் நின்று இளைப்பாறுவது என்பது பாடுகிறவரின் தொண்டையில்தான் இருக்கிறது.

ஆகவே காம்போதியில் தக்கராகம் பாடும் ஓதுவாரைத் தவறு என்று சொல்ல முடியாது. அவர் தம் ஆசிரியரிடம் கேட்டதைப் பிசகாமல் பாடுகிறார். ஆய்வாளர் செய்யக்கூடியது, அந்தக் குரலுக்குப் பக்கத்தில் 'இந்த இரு பெயரும் ஒரு காலத்தில் வேறாக ஒலித்தன' என்று எழுதி வைப்பது. தக்கராகமும் தக்கேசியும் தனித்தனியாகத் திருமுறையில் நிற்கும்வரை அந்தத் தேடல் முடியவில்லை.