புயலால் ரத்தாகும் அறை: பணம் யார் பக்கம்?

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சென்னை விமான நிலையம் அன்று நண்பகலிலேயே மூடப்பட்டது. வார இறுதிக்கு அறை பதிந்தவர்கள் பலர் போகவே முடியாமல் போன நாள் அது.

அப்படியொரு வார இறுதிக்கு ஒரு குடும்பம் 2 இரவுக்கு 8,000 ரூபாய் முன்கூட்டியே கட்டியிருந்ததாக வைத்துக்கொள்வோம். முந்தைய நாள் விடுதியிலிருந்து வாட்ஸ்அப்பில் தகவல் வருகிறது: ‘புயல் காரணமாக இந்த வார இறுதிப் பதிவுகளை வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம். கட்டிய பணம் 6 மாதம் வரவில் இருக்கும்.’

கனிவான அறிவிப்புதான். ஆனால் விடுதி மூடப்படுகிறதா, திறந்திருக்கிறதா என்று அதில் இல்லை. பணம் திரும்புமா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்ததே. தண்ணீர் புகுந்தோ அரசு உத்தரவாலோ விடுதியால் அறை தர முடியாவிட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆவது பிரிவுப்படி அந்த ஒப்பந்தம் செல்லாமல் போகிறது. வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்கிறது 65ஆவது பிரிவு. அப்போது தேதி மாற்றத்தை ஏற்பது விருந்தினரின் விருப்பம். வேண்டாமென்றால் பணத்தைக் கேட்கலாம்.

விடுதி திறந்திருந்து, நாம்தான் போகவில்லை என்றால் கதை வேறு. பதியும்போது ஒப்புக்கொண்ட ரத்து விதியே அங்கே பேசும். குறைந்த விலைக்காக ‘பணம் திரும்பாது’ என்ற வகையில் பதிந்திருந்தால், புயலைக் காட்டி விலக்கு கேட்கலாம்; தருவது விடுதியின் மனம். ஏர்பிஎன்பியின் விதியும் கண்டிப்பானது. ஒரு பகுதியில் வழக்கமாக எதிர்பார்க்கக்கூடிய புயலுக்கு அது தானாகச் சலுகை தருவதில்லை. அந்தப் புயலால் வெளியேற்ற உத்தரவோ பரவலான மின்தடையோ வந்தால்தான் கணக்கில் எடுக்கும்.

ஆகவே பதறிப்போய் செயலியில் ரத்து பொத்தானை அழுத்த வேண்டாம். அழுத்தினால் ரத்து செய்தவர் நீங்கள் என்றே பதிவாகும். சும்மா இருந்தாலும் ஆபத்து: வராத விருந்தினர் என்று குறித்துக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். செக்-இன் நேரத்துக்கு முன்பே, ‘அன்று விடுதி இயங்குமா? கட்டணமில்லாமல் ரத்து செய்கிறீர்களா?’ என்று எழுத்தில் கேளுங்கள். செயலி வழியே பணம் கட்டியிருந்தால் அந்த நிறுவனத்துக்கும் எழுதுங்கள். விடுதி சம்மதித்தாலும் பணத்தைத் திருப்ப வேண்டியது அவர்கள்தான். வானிலை எச்சரிக்கை, விமான ரத்துச் செய்தி ஆகியவற்றின் படங்களையும் சேர்த்து வையுங்கள்.

தேதி மாற்றத்தை ஏற்பதானால் ‘வரவு’ என்ற சொல்லில் கவனம் தேவை. கிறிஸ்துமஸ் வாரத்தில் அதே அறை இரவுக்கு 6,000 ரூபாய் என்றால், 8,000 ரூபாய் வரவுக்கு மேல் இன்னும் 4,000 ரூபாய் கட்ட வேண்டிவரும். ‘அதே அறை, அதே 2 இரவு, கூடுதல் கட்டணம் இல்லை’ என்று எழுதி வாங்கினால் அந்தச் செலவு இல்லை. விலக்கு நாட்கள் உண்டா, மீண்டும் மாற்றலாமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடலாம்.

மூடிய விடுதி பணம் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அங்கே கைகொடுப்பது அந்த எழுத்துப் பரிமாற்றம்தான்.