எக்ஸ்ரே அறை பேட்ஜ் சொல்லும் கணக்கு

எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர்கள் மார்பில் ஒரு பேட்ஜ் அணிந்திருப்பார்கள். அதில் பேட்டரியும் கிடையாது, மின்சுற்றும் கிடையாது. ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போனால், அணிந்தவர் உடல் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியது என்று மில்லிசீவர்ட்டில் சொல்லிவிடும்.

பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய இந்திய பேட்ஜுக்குள் ஓர் அலுமினிய அட்டை, அதில் மூன்று சிறு வட்டுகள். துளி டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் படிகத் தூளை டெஃப்லானோடு சேர்த்து அழுத்திச் செய்தவை அவை. கதிர் படும்போது படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு கிளம்புகின்றன. பெரும்பாலானவை உடனே தம் இடத்துக்குத் திரும்பிவிடும். சில மட்டும் படிக அமைப்பில் உள்ள குறைகளில் குழியில் விழுந்ததுபோல் சிக்கிக்கொள்ளும். அறை வெப்பத்தில் அவற்றால் ஏறிவர முடியாது. மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

ஆய்வகத்தில் ஏறத்தாழ 285 டிகிரி சூடான நைட்ரஜன் வாயுவை வட்டின் மீது செலுத்துகிறார்கள். சிக்கிய எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. அவை விட்ட ஆற்றல் ஒளியாக வெளிவருகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மங்கிய ஒளியை உணர்கருவி எண்ணுகிறது. அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். படித்ததும் பதிவும் அழிந்துவிடுவதால் மறுபடி படித்துச் சரிபார்க்க வழியில்லை. அதனால்தான் ஒளி ஏறி இறங்கிய வளைகோட்டைச் சேமித்து வைக்கிறார்கள். வட்டில் அழுக்கு இருந்தால் அந்த வளைகோட்டின் வடிவமே கோணலாகிக் காட்டிக்கொடுக்கும்.

ஒளியை அளவாக மாற்றுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தெரிந்த அளவு காமா கதிரைக் காட்டிப் பார்த்ததில் ஒரு மில்லிசீவர்ட்டுக்கு 2,000 எண்ணிக்கை வந்தது என்று வைத்துக்கொள்வோம். பணியாளரின் வட்டு 900 காட்டுகிறது. கதிர் படாத இடத்தில் வைத்த கன்ட்ரோல் பேட்ஜ், மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் வந்த இயற்கைக் கதிரால் 300 காட்டுகிறது. கழித்தால் 600. அப்படியானால் 0.3 மில்லிசீவர்ட்டா?

அவசரப்படக் கூடாது. கால்சியமும் கந்தகமும் நம் தசையில் நிறைந்த அணுக்களைவிடக் கனமானவை. ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிரை அவை தசையைவிடப் பல மடங்கு, சில ஆற்றல்களில் பத்து மடங்குகூட, அதிகமாக விழுங்கும். அதே 600 என்பது உண்மையில் 0.03 ஆகவும் இருக்கலாம்.

இதைத் தீர்க்கத்தான் மூன்று வட்டுகள். ஒன்றன் முன்னால் உலோகத் தகடு, ஒன்றன் முன்னால் பிளாஸ்டிக், மூன்றாவது திறந்த நிலையில். இயற்கைப் பங்கைக் கழித்தபின் மூன்றும் 600-ஐ ஒட்டியே வந்தால் உலோகத்தையும் துளைத்த காமா கதிர். திறந்ததில் 600, பிளாஸ்டிக்கில் 580, உலோகத்தின் பின்னே 50 என்றால் வலுக்குறைந்த எக்ஸ் கதிர். இந்த விகிதத்தை வைத்தே எதால் வகுப்பது என்று முடிவு செய்கிறார்கள். இவ்வளவு எளிய ஏற்பாடு இவ்வளவு நுட்பமான கேள்விக்கு விடை தருவது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் பேட்ஜுக்குப் பின்னால் ஆள் இருந்தாரா என்பது படிகத்துக்குத் தெரியாது. ஈய அங்கியின் உள்ளே அணிய வேண்டியதை வெளியே குத்திக்கொண்டாலும், கழற்றி எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போனாலும் கணக்கு எகிறும். இந்தியாவில் ஓராண்டில் 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. ஐந்தாண்டுச் சராசரி 20. அளவு எகிறி வந்தால் பணியாளரிடமும் மருத்துவமனையிடமும் விசாரிப்பார்கள். மிகப் பெரிய அளவாக இருந்தால் ரத்தம் எடுத்து, வெள்ளணுக்களின் குரோமோசோம்கள் உடைந்து தவறாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.