‘ஏற்கெனவே ஆள் இருக்காரு சார்!’

சென்னை கிண்டியிலோ அம்பத்தூரிலோ நன்கு காலூன்றிய ஒரு நிறுவனத்துக்குள் ஸ்டேஷனரி விற்கப் போகிறவர், பர்ச்சேஸ் அதிகாரியிடம் விலைப்பட்டியலை நீட்டும் முன்பே பதில் வந்துவிடும்: “எங்களுக்கு ஏற்கெனவே ஆள் இருக்காரு சார்.”

அந்த இடத்தில் பலரும் விலையைக் குறைக்கிறார்கள். “அவரைவிட ரீமுக்கு அஞ்சு ரூபா கம்மியா தர்றோம்” என்கிறார்கள். அதிகாரி அந்த விலையைக் குறித்துக்கொண்டு பழைய சப்ளையருக்குப் போன் செய்கிறார். பல வருட வாடிக்கையாளரை இழக்க விரும்பாத அவரும் அதே விலைக்கு இறங்கிவருகிறார். புதியவரின் வருகையால் நிறுவனத்துக்கு லாபம்; அவருக்கு ஒன்றுமில்லை. பழைய சப்ளையரைக் குறைசொல்வது இதைவிட மோசம். அவரைத் தேர்ந்தெடுத்தவர் பெரும்பாலும் எதிரே உட்கார்ந்திருக்கும் அதே அதிகாரிதான்.

உண்மையில் அந்தப் பதில் மாதாந்திரப் பட்டியலைப் பற்றியது மட்டுமே. ஏ4 தாள், ஃபைல், பேனா எல்லாம் மாதம் ஒருமுறை ஒழுங்காக வந்து இறங்கிவிடுகின்றன. ஆனால் மாதக் கடைசியில், கணக்கு முடிக்கும் நாளில் டோனர் தீர்ந்துபோனால் என்ன நடக்கிறது? ஆபீஸ் உதவியாளர் பெட்டி கேஷில் பணம் வாங்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்கு ஓடுகிறார். விற்பனையாளர் தேட வேண்டிய இடைவெளி அங்கேதான் இருக்கிறது.

ஆகவே, “நல்லது சார், அவரே தொடரட்டும். அவசரத்துக்கு வெளியே போய் வாங்குற பொருள் எதாவது இருக்கா?” என்று கேட்பது பலன் தரும். பழையவரை விரட்டும் பேச்சு இதில் இல்லை என்பதால் அதிகாரியும் இறுக்கம் தளர்ந்து பேசுவார்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1,000 ரூபாய் டோனருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,180 ரூபாய். நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் போட்ட முறையான பில் இருந்தால், அந்த 180 ரூபாயை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். அவசரத்தில் வாங்கிய கடைச்சீட்டில் அந்த எண் இருப்பதில்லை. 180 ரூபாய் போய்விடுகிறது. மாதத்துக்கு இப்படிப் பத்து சீட்டு இருந்தால் கணக்குப் பிரிவுக்கே உறுத்தும். கேட்ட அன்றே முறையான பில்லோடு கொண்டுவந்து தருகிறேன் என்பவருக்கு அங்கே இடமுண்டு. மருத்துவமனை, பள்ளி போன்ற, வரிவிலக்குள்ள சேவை தரும் இடங்களில் இந்த வாதம் எடுபடாது. அவர்களால் அந்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது.

முதல் சந்திப்பில் ஆர்டரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பெற வேண்டியது வெண்டார் கோடு. ஜிஎஸ்டி சான்று, பான் அட்டை, ரத்து செய்த காசோலை ஆகியவற்றைக் கொடுத்துக் கணினியில் பெயர் ஏறினால்தான் பர்ச்சேஸ் ஆர்டரே போட முடியும். பழைய சப்ளையர் ஒருநாள் கைவிரித்தாலும், கோடு இல்லாதவரை அதிகாரி நினைத்தாலும் கூப்பிட முடியாது.

தாளிலும் ஒரு வழி உண்டு. 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள், 500 தாள் கொண்ட ஒரு ரீம், ஏறக்குறைய 2.34 கிலோ எடை இருக்கும். 70 ஜிஎஸ்எம் என்றால் 2.18 கிலோ. பழைய சப்ளையரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், தன்னுடைய ரீமை மட்டும் தராசில் வைத்துக் காட்டலாம். ஸ்டோரில் இருக்கும் ரீமையும் எடுத்து வைத்துப் பார்க்கும் ஆர்வம் அதிகாரிக்கே வந்துவிடும். எடை சரியாக இருந்தால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டும்.

சில இடங்களில் எதுவும் நடக்காது. மும்பைத் தலைமையகமே எல்லாக் கிளைகளுக்கும் ரேட் காண்ட்ராக்ட் போட்டிருந்தால், சென்னை அதிகாரியிடம் அதிகாரமே இல்லை. காண்ட்ராக்ட் எந்த மாதம் முடிகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு கிளம்புவதே சரி. இன்னொரு பக்கம், “கொட்டேஷன் மட்டும் அனுப்பிடுங்க” என்று உடனே சொல்பவரிடமும் எச்சரிக்கை தேவை. மாதம் எவ்வளவு வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று கேட்டால் மழுப்புகிறாரா? மூன்று கொட்டேஷன் வேண்டுமென்ற விதிக்காக ஃபைலை நிரப்பப் பார்க்கிறார் என்றே கொள்ளலாம்.

ஆர்டர் பெருகும்போது கடன் கெடு முன்னுக்கு வரும். மாதம் 50,000 ரூபாய் சரக்கை 60 நாள் கடனில் கொடுத்தால், எப்போதும் ஒரு லட்சம் ரூபாய் வெளியே நிற்கும். பழைய சப்ளையர் நிலைத்து நிற்பதற்கு அந்தப் பணத்தைத் தாங்கும் வசதியும் ஒரு காரணம். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்ற சட்டப் பாதுகாப்பு, வாங்கி விற்கும் வியாபாரிகளுக்குப் பொருந்துவதில்லை. டோனரில் தொடங்கிய புதியவர், தாளுக்கும் விலை கேட்கப்படும் நாளில், முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது பணம் எத்தனை நாளில் வரும் என்பதைத்தான்.