ஜிமிக்கிக்குள் பால்மரம்

என் சித்தப்பா பத்தர். சுங்கை சிப்புட்டை ஒட்டி, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது பெரும்பகுதி செம்பனையாகிவிட்ட இடத்தில் அவர் வீடு. கொல்லைப்பக்கம் மட்டும் வெட்டாமல் விட்ட பால்மரங்கள் சில நிற்கின்றன. அவர் செய்யும் 916 நகைகளைக் கைப்பேசியில் படமெடுத்து விற்பது அவர் மகளின் வேலை. போன வருடம் ஒரு ஜோடி ஜிமிக்கி திரும்பி வந்தது. "படத்துல நல்லா சிவந்து இருந்துச்சு, கையில வெளிறிப் போயிருக்கு. 916தானா?" என்று வாங்கியவர் கேட்டிருந்தார். ஈப்போவில் உரைத்துப் பார்த்தார்கள். 916தான். பொய் சொன்னது படம்.

"நான் எதையும் மாத்தலையே அண்ணே, ஃபில்டர்கூடப் போடல" என்றாள் தங்கை. உண்மைதான். இரவு, மஞ்சள் பல்பின் அடியில், சிவப்பு வெல்வெட் பெட்டியில் வைத்து எடுத்திருக்கிறாள். அதுவே போதும்.

மெருகேற்றிய தங்கத்துக்குத் துணியைப் போல நிலையான நிறம் கிடையாது. அது மஞ்சள் பூசிய ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி. சுத்தத் தங்கத்தின் மேல் விழும் சிவப்பு ஒளியில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் திரும்பி வரும். நீல ஒளியிலோ ஏறக்குறைய 40 பங்குதான். மிச்ச நீலத்தைத் தங்கம் விழுங்கிவிடுவதால்தான் அது மஞ்சளாகத் தெரிகிறது. ஆகவே படத்தில் நாம் பார்ப்பது எதிரே இருக்கும் பொருள்களைத்தான், நீலம் குறைந்த நிலையில். எதிரே சிவப்பு வெல்வெட் இருந்தால் ஜிமிக்கியின் வளைவெல்லாம் வெல்வெட். ஏற்கெனவே நீலம் குறைவான மஞ்சள் பல்பும் சேர்ந்துகொண்டால், தங்கம் செம்பு கலந்தது போலச் சிவந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. செதுக்கிய பள்ளத்துக்குள் போகும் ஒளி, வெளியே வருமுன் இரண்டு மூன்று முறை மோதுகிறது. ஒவ்வொரு மோதலிலும் நீலம் குறையும்: முதலில் 40, அடுத்து 16. அதனால் குடைக்குள்ளும் மணிகளின் இடுக்கிலும் தெரியும் ஆழ்ந்த ஆரஞ்சு நிறம் மெய்யானது. அதையும் தவறென்று எண்ணி வெளுக்கச் செய்தால் நகை தகரமாகிவிடும்.

சரி, பகல் வெளிச்சத்தில் எடுக்கலாம் என்று கொல்லைப்பக்கம் போனோம். நிழல் இதமாக இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஜிமிக்கி பித்தளை மாதிரி இருந்தது! ஓரமெல்லாம் ஒரு பச்சைச் சாயல். பால்மர இலைகளின் ஊடே வடிந்து வரும் ஒளியில் சிவப்பும் நீலமும் குறைந்து பச்சை மிஞ்சியிருக்கும். போதாததற்குக் கீழே புல்லும் பிரதிபலித்தது. தோட்டப்புற வீடுகளில் நகையைப் படமெடுப்பவருக்கு இதுதான் முதல் எதிரி. நம் கண் அதற்கு உடனே பழகிவிடுவதால் நேரில் நிற்கும்போது தெரியாது. ஒரு வெள்ளை எவர்சில்வர் கரண்டியை அதே இடத்தில் பிடித்துப் படமெடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

படமெடுக்கும் கலையைச் சொல்லித்தரும் புத்தகங்கள் வடக்கு ஜன்னலைத் தேடச் சொல்கின்றன. அது ஐரோப்பியரின் அறிவுரை. அவர்களுக்கு நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே. பேராக் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். ஏப்ரல் தொடங்கிச் செப்டம்பர் முற்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் மாதக் காலையில் வடக்கு ஜன்னலில் நேர் வெயிலே அடிக்கும். நமக்குச் சரிப்படுவது நேரம் பார்த்து மாறுவதுதான்: காலையில் மேற்குப் பக்க வாசல், மாலையில் கிழக்குப் பக்கம். உச்சிவேளை என்பதும் கடிகாரத்தின் பன்னிரண்டு அல்ல; மலேசிய நேரப்படி ஈப்போவில் சூரியன் உச்சிக்கு வருவது ஒன்றேகால் மணிவாக்கில்.

அதனால் காலை பத்து மணிக்கு மேற்கு வாசலில், கூரை விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே மேசை போட்டோம். வானம் மேகம் போர்த்தியிருந்தது. நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருந்தால் ஒளி கடினம். ஓரம் கரைந்திருந்தால் மென்மை. நகையைவிட ஒளிமூலம் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரிகிறதோ அத்தனை மென்மை. வெறும் சூரியன் ஒரு புள்ளி, மேகமோ வானம் முழுக்கப் பரந்த விளக்கு. மேகம் விலகும் நேரத்துக்கு ஒரு டிரேசிங் தாளைச் சட்டத்தில் ஒட்டி நடுவில் நிறுத்தினோம். புல்லின் பச்சையை மறைக்க, மேசைக்கு வெளியே தாழ்வாக ஒரு வெள்ளை அட்டை. வீட்டுக்குள் விளக்குகள் எல்லாம் அணைக்கப்பட்டன. பல்பும் பகலும் கலந்தால் நகையின் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம் ஆகிவிடும். ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும்.

அடியில் வெளிர்சாம்பல் நிற, பளபளப்பில்லாத அட்டை. வெள்ளைப் பின்புலத்தில் கைப்பேசி வெளிச்சம் அதிகமென்று நினைத்து நகையை இருட்டாக்கும். கறுப்பில் வைத்தால் நகையின் மினுக்கமெல்லாம் வெளுத்துத் திட்டாகும். சாம்பலில் இரண்டுமில்லை, தன் சாயத்தை நகை மேல் ஏற்றுவதும் இல்லை. ஆனால் எல்லாப் பக்கமும் வெளுப்பாகவே இருந்தால் தங்கத்தின் வளைவு தட்டையாகிவிடுகிறது. விரல் அகலக் கறுப்பு அட்டை ஒன்றை ஜிமிக்கியின் பக்கவாட்டில், படத்துக்குள் வராதபடி நிறுத்தினேன். விளிம்பில் ஒரு கருங்கோடு விழுந்தது. குடை உருண்டு எழுந்தது. தங்கை தன் பச்சைச் சட்டையை மாற்றிவிட்டு வந்தாள். அவளும் அந்தக் கண்ணாடிக்குள் தெரிகிறாளே!

மிஞ்சியது கைப்பேசியின் அதிமேதாவித்தனம். காட்சியிலுள்ள நிறங்களைக் கூட்டினால் சாம்பல் வரவேண்டும் என்று அது ஊகிக்கிறது. தங்கம் சட்டத்தை நிறைக்கும்போது, மஞ்சள் அதிகம், விளக்கின் கோளாறு போலும் என்று நீலத்தைக் கூட்டிவிடும். ஒரே ஜிமிக்கி தூரத்தில் சிவந்தும் கிட்டத்தில் வெளிறியும் தெரிவது இதனால். மருந்து, புகைப்படக் கடையில் கிடைக்கும் சாம்பல் நிற அட்டை. முதல் படத்தில் அதை நகைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். பிறகு Snapseed போன்ற செயலியில் White Balance கருவியின் சொட்டுக்குழாயால் அந்த அட்டையைத் தொட வேண்டும். அட்டை உண்மையான சாம்பலாகும். நகையும் கூடவே தன் நிறத்துக்கு வரும். கைப்பேசியின் White Balance மாறாதபடி பூட்டிவிட்டு அதே இடத்தில் எடுத்த மற்ற படங்களுக்கும் அதே திருத்தம்தான்.

அட்டைக்குப் பதில் ஏ4 தாளை வைக்கலாமே என்று தங்கை கேட்டாள். கூடாது. தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனம், பகல் ஒளியிலுள்ள புற ஊதாவை வாங்கி நீலமாக ஒளிர்கிறது. நீலம் போட்ட வேட்டி மாதிரி. அதை வெள்ளை என்று கருவிக்குச் சொன்னால், அது நீலத்தைக் கழித்து நகைக்கு இல்லாத மஞ்சளைக் கொடுத்துவிடும். கள்ளநோட்டுப் பார்க்கும் விளக்கைத் தாளின் மேல் அடித்துப் பாருங்கள், தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் வாங்குபவரின் திரை நம் கையில் இல்லை. அதற்கு அவள் கண்டுபிடித்த வழி என்னுடையதைவிட நல்லது. ஒவ்வொரு நகைக்கும் ஒரு படத்தில் பத்துக் காசை ஓரமாக வைக்கிறாள். அது வெள்ளி நிறம், 18.8 மில்லிமீட்டர், அளவும் தெரியும், எல்லார் வீட்டிலும் இருக்கும். இருபதும் ஐம்பதும் மஞ்சள் நாணயங்கள் என்பதால் உதவாது.

சென்ற மாதம் இரவு பத்து மணிக்கு ஒரு தைப்பிங் அம்மாவிடமிருந்து அழைப்பு. படத்தில் ரொம்ப மஞ்சளாக இருக்கிறதே, முலாம் பூசியதா என்று கேட்டார்.

"அக்கா, பக்கத்துல பத்துக் காசு இருக்கு பாருங்க. அது எப்படித் தெரியுது?"

"அதுவும் மஞ்சளாத்தான் இருக்கு."

"அப்ப உங்க போன்ல நைட் மோட் ஓடுது லா. அத அணைச்சிட்டுப் பாருங்க."